உயிர் நண்பனைக் குரூப்பில் கலாய்த்து வாழ்த்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க காலேஜ் குரூப்ல 60 பேர். ராத்திரி 12 மணிக்கே வாழ்த்து கொட்டும். நான் போடுறது அவன் கண்ணுல படணும்னா எப்ப போடணும்?

12 மணிக்குப் போடாதீர்கள். அந்த நேரத்தில் கேக் படம், பலூன் ஸ்டிக்கர், ஒற்றை வரி வாழ்த்து என்று வரிசையாக விழும். காலையில் அவன் போனை எடுத்ததும் கட்டைவிரலால் சர்ரென்று மேலே தள்ளிப் பார்ப்பான், நடுவில் இருக்கும் உங்கள் மெசேஜைப் படித்தானா, பார்த்தானா என்பது அவனுக்கே தெரியாது. 12 மணிக்கு அவனுக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள், உயிர் நண்பன் என்றால் அதுதான் முறை. குரூப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எப்படியும் காலை ஒன்பது பத்து மணிவாக்கில் அவன் "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று ஒன்று போடுவான். அதுவரை காத்திருங்கள். அவன் போட்ட அந்த நன்றி மெசேஜையே பிடித்து அதற்கு ரிப்ளையாக உங்கள் வாழ்த்தைப் போடுங்கள். அவனுக்குத் தனியாக நோட்டிபிகேஷன் போகும், அந்த நேரத்தில் குரூப்பும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும், மெசேஜைத் தொடங்க ஒரு பிடியும் கிடைக்கும். "நன்றி சொல்லி முடிச்சிட்டியா? இரு, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று தொடங்கினாலே குரூப்பில் பாதிப்பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவன் நன்றியே சொல்லாத ஆள் என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், @ போட்டு அவன் பெயரைக் குறித்து அனுப்புங்கள். எத்தனை மெசேஜ் குவிந்து கிடந்தாலும் குரூப்பைத் திறந்ததும் திரையோரத்தில் ஒரு @ குறி தெரியும், அதைத் தொட்டால் நேராக உங்கள் மெசேஜுக்கு வந்துவிடுவான்.

எதை வச்சு ஓட்டலாம், எதைத் தொடவே கூடாது?

அவனாக விரும்பிச் செய்கிற, நாளைக்கே விட நினைத்தால் விட்டுவிடக்கூடிய பழக்கத்தை ஓட்டலாம். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டு நாலு பேர் தட்டிலிருந்தும் பரோட்டா பிய்ப்பது, "கிளம்பிட்டேன்" என்று சொல்லும்போது பின்னால் ஷவர் சத்தம் கேட்பது, கிரிக்கெட்டில் டக் அவுட் ஆகிவிட்டு பிட்ச் சரியில்லை என்பது, இதெல்லாம் தாராளமாக ஓட்டலாம். அவனாக மாற்ற முடியாதது, அல்லது மாற்ற முயன்று நடக்காமல் போனது எதையும் தொடாதீர்கள். முடி, நிறம், எடை, உயரம், கல்யாணம், குழந்தை, சம்பளம், வேலை போனது, வீட்டில் கடன், முடிக்காத அரியர் எல்லாமே இதில் அடங்கும்.

"பத்து வருஷமா அவனைக் குண்டான்னுதான் கூப்பிடுறோம், அவனும் சிரிப்பான்" என்று பலர் சொல்வார்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் டீக்கடையில் அவன் சிரித்தது வேறு, 60 பேர் இருக்கும் குரூப்பில் அவன் பிறந்தநாளன்று எழுத்தில் அதைப் பார்ப்பது வேறு. டீக்கடையில் அவன் திருப்பி உங்களை ஒரு வார்த்தை சொல்லிவிடுவான், கணக்கு சரியாகிவிடும். குரூப்பிலோ வாழ்த்துக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவன் மாட்டிக்கொள்கிறான்.

சந்தேகம் வந்தால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: இந்தக் கதையை அவனே எப்போதாவது இதே குரூப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறானா? சொல்லியிருந்தால் எழுதலாம். உங்களிடம் மட்டும் தனியாகச் சொன்னதாக இருந்தால், அது எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் உங்களோடு இருக்கட்டும்.

எழுதின ஒரு மெசேஜை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் காட்ட முடியுமா? பொதுவா சொன்னா எனக்குப் புரிய மாட்டேங்குது.

என் நண்பனுக்கு நான் எழுதியதையே காட்டுகிறேன். அவன் வாய்ஸ் நோட் ஆசாமி. எதைக் கேட்டாலும் டைப் செய்ய மாட்டான், பேசித்தான் அனுப்புவான். முதலில் அவசரத்தில் நான் எழுதி வைத்தது இது:

> ஹாப்பி பர்த்டே டா மொக்கை. உன் வாய்ஸ் நோட் கேட்டுக் கேட்டு எங்க எல்லாருக்கும் காது போச்சு. முடி கொட்டியும் பேச்சு குறையலை. இதனாலதான் இன்னும் பொண்ணு கிடைக்கலை. ட்ரீட் எப்போ?

அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், அப்போதுதான் உறுத்தியது. முடியும் கல்யாணமும் நான் மேலே சொன்ன பட்டியலில் இருப்பவை. அவன் வீட்டில் இரண்டு வருடமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜாதகத்தோடு யாராவது வருவார்கள். அதைப் போய்ச் சிரிப்பாக்கினால் அவன் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தாலே போதும். "எங்க எல்லாருக்கும்" என்ற சொல்லும் தவறு. 60 பேரை என் பக்கம் நிறுத்திக்கொண்டு அவனைத் தனியாக எதிரில் நிறுத்துவது அது. கலாய்ப்பது நான் மட்டும்தான் என்று இருந்தால்தான் அது நட்பு. அப்புறம், "மொக்கை" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அவனைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

அன்று காலை அவன் குரூப்புக்கு நன்றி சொன்னதும் வாய்ஸ் நோட்டில்தான், 3 நிமிடம் 40 நொடி. அதற்கு ரிப்ளையாக இதைப் போட்டேன்:

> மாப்ள, நன்றி சொல்லவே 3 நிமிஷம் 40 செகண்டா?
>
> போன வாரம் "படத்துக்கு வர்றியா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நாலு நிமிஷம் பேசி அனுப்புனே. அதுல உங்க வீட்டுக் குக்கர் மூணு விசில் அடிச்சுது, கீரைக்காரம்மாகிட்ட அரைக்கீரை ரெண்டு கட்டு பேரம் முடிஞ்சுது, தெரு நாய்க்கு நீ புத்திமதி சொன்னே. படத்துக்கு வர்றியா இல்லையான்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.
>
> அப்பா ஆஸ்பத்திரியில இருந்த 18 நாளும் ராத்திரி பத்து மணிக்கு உன் வாய்ஸ் நோட் வந்துடும். அதைக் கேட்டுட்டுதான் அந்த பெஞ்சுல தூங்குவேன். ஒண்ணைக்கூட 2x-ல போட்டுக் கேட்டதில்லைடா.
>
> பிறந்தநாள் வாழ்த்துகள். பேசிக்கிட்டே இரு.

இதில் இருப்பது ஒரே ஒரு பழக்கம்தான். முதல் பாதியில் அதை வைத்தே வாருகிறேன், இரண்டாம் பாதியில் அதே பழக்கம் எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்கிறேன். கிண்டல் ஒன்றைப் பற்றியும் பாசம் இன்னொன்றைப் பற்றியும் இருந்தால், "சும்மா சொன்னேன், மனசுல வச்சுக்காதே" என்று பின்னால் ஒட்டுப்போட்டது போல இருக்கும். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தால் படிப்பவருக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் தொண்டை அடைக்கும்.

குக்கர் விசிலும் அரைக்கீரையும் எதற்கு என்று கேட்கலாம். "நீ ரொம்ப நீளமா பேசுவே" என்று எழுதினால் அது குறை. உண்மையிலேயே நடந்த மூன்று சின்ன விஷயத்தை அப்படியே எடுத்து வைத்தால், நான் அவன் பேசியதை முழுவதும் கேட்டிருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கிண்டல் அன்பாக மாறும் இடம் இதுதான் என்பேன். அதனால் உங்கள் மெசேஜில் எத்தனை நகைச்சுவை இருக்கிறது என்று எண்ணாதீர்கள், அவனை நேரில் பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய விவரம் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கஷ்டம் என்னுடையது, என் அப்பாவுடையது. அப்பாவிடமும் கேட்டுவிட்டேன், அதனால் சொன்னேன். அதுவே அவன் வீட்டுக் கஷ்டமாக இருந்திருந்தால் ஒரு எழுத்துகூட எழுதியிருக்க மாட்டேன்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

மேலே இருப்பதுதான் உச்சம், இன்னும் குறைந்தால் நல்லது. ரொம்ப நீண்டுவிட்டால் வாட்ஸ்அப் மெசேஜை மடித்து "Read more" என்று போட்டுவிடும், ஓடுகிற குரூப்பில் அதைத் தொட்டுத் திறப்பவர்கள் குறைவு. பாதியில் மடிந்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிண்டல் மட்டும் மேலே தெரியும், பாசம் மடிப்புக்குள் போய்விடும்! அனுப்பும் முன் உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள், எங்கே வெட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

நோட்டிபிகேஷனில் முதல் வரிதான் தெரியும் என்பதால் அந்த வரியை "இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்" என்று வீணாக்காதீர்கள். அது கடைசியில் வந்தால் போதும்.

நேரடியா குறை சொல்றது மாதிரி இல்லாம கலாய்க்க வேற வழி இருக்கா?

இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வஞ்சப்புகழ்ச்சி அணி. புகழ்வது போல இகழ்வது, இகழ்வது போலப் புகழ்வது. புறநானூற்றில் 95-ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டு, உன் ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பார். மேலோட்டமாகப் பார்த்தால் தொண்டைமானுக்குப் பாராட்டு. யார் உண்மையில் போர் செய்தவன் என்பது கேட்டவனுக்குப் புரியும்.

குரூப்பில் இது ரொம்ப நன்றாக வேலை செய்யும், கெட்ட வார்த்தை ஒன்றும் தேவைப்படாது. உங்கள் ஹெல்மெட்டை வாங்கிப் போனவன் திருப்பித் தரவேயில்லை என்று வையுங்கள். "ஹெல்மெட்டை எப்படா தருவே" என்று எழுதினால் கடன் கேட்பது போல இருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்:

> என் ஹெல்மெட்டை ஒன்றரை வருஷமா கண்ணும் கருத்துமா பாதுகாத்து வரும் என் உயிர் நண்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள். உன் பொறுப்பான கையில அது இருக்கிறதை நினைச்சா எனக்கு நிம்மதி. எப்பவாவது அது என்னைப் பத்தி விசாரிச்சா, நான் நல்லா இருக்கேன்னு சொல்லு.

ஹெல்மெட் விசாரிப்பதாகச் சொல்லும் அந்தக் கடைசி வரியில்தான் சிரிப்பு வரும். பெரும்பாலும் அன்றைக்குச் சாயங்காலமே ஹெல்மெட்டும் வீடு வந்து சேரும்.

குரூப்ல அவன் அண்ணன், அவன் மனைவி, ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் எல்லாரும் இருக்காங்க. டா போட்டு எழுதலாமா?

டா போடலாம், அது அவர்களுக்கும் தெரிந்ததுதான். மதுரைப் பக்கம் மாப்ள, சென்னையில் மச்சி, நாகர்கோவில் பக்கம் மக்கா என்று நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுதுங்கள். திடீரென்று "அன்பு நண்பரே" என்று தொடங்கினால்தான் ஏதோ சண்டையோ என்று நினைப்பார்கள்.

பார்க்க வேண்டியது கதையை. பழைய காதல், தண்ணியடித்த இரவு, வீட்டுக்குத் தெரியாமல் போன ட்ரிப் எதுவும் வேண்டாம். ஆபீஸ் ஆட்கள் இருந்தால், லீவுக்குச் சொன்ன பொய்க் காரணங்களையும் சேர்த்து விட்டுவிடுங்கள். உங்களுக்கு அது ஒரு நிமிடச் சிரிப்பு, அவனுக்கு மறுநாள் காலையில் மேலதிகாரியிடம் விளக்கம் சொல்லும் வேலை. மனைவி இருக்கிற குரூப்பில் "கல்யாணத்துக்கு அப்புறம் ஆள் மாறிட்டான், பயந்துட்டான்" என்ற வகை வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கலாய்க்கப்படுவது அவன் இல்லை, அந்தப் பெண். பிறந்தநாள் அவளுடையதும் இல்லை.

தோழிக்கு எழுதும்போது?

எதை வைத்து ஓட்டலாம் என்பது மாறாது. வயதை மட்டும் விட்டுவிடுங்கள், "ஆன்ட்டி ஆயிட்டே" என்று போன வருடம் நாலு பேர் எழுதியிருப்பார்கள், அதில் புதிதாக எதுவும் இல்லை. நீங்கள் ஆண் என்றால், தனியாகப் பேசும்போது "டி" போட்டுப் பழகியிருந்தாலும் அவள் சொந்தக்காரர்கள் இருக்கும் குரூப்பில் பெயர் சொல்லியே எழுதுங்கள். அவள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது, அவ்வளவுதான்.

பழைய போட்டோ கையில இருக்கு. போடட்டுமா?

அவன் மட்டும் இருக்கும் போட்டோ என்றால், அவனே ஒரு காலத்தில் டிபி வைத்திருந்தது என்றால் போடுங்கள். பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்குவது போன்றவற்றை முந்தின நாள் அவனுக்குத் தனியாக அனுப்பி "நாளைக்கு இதுதான்டா" என்று சொல்லிப் பாருங்கள். சிரிக்கும் எமோஜி வந்தால் அனுமதி. "டேய் வேணாம்டா" என்றால், அவன் எத்தனை எமோஜி சேர்த்திருந்தாலும், வேண்டாம். குரூப்பில் போட்டது அங்கேயே நிற்காது, யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுடைய சொந்தக்காரர் குரூப்பில் போடுவார்கள்.

போட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவன் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டுட்டு அமைதியாயிட்டான். கோபமா?

ஓட்டினால் அவன் வழக்கமாக என்ன செய்வான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எப்போதும் திருப்பி அடிப்பவன் இன்று வெறும் கட்டைவிரலோடு நிறுத்தினால் எங்கோ பட்டிருக்கிறது. மற்றவர்கள் வாழ்த்துக்கு வார்த்தையில் நன்றி சொல்லிவிட்டு உங்களுடையதை மட்டும் தாண்டிப் போனாலும் அப்படித்தான்.

அனுப்பி 15 நிமிடத்துக்குள் என்றால் மெசேஜைத் திருத்தலாம், உறுத்தும் வரியை எடுத்துவிடுங்கள். அந்த நேரம் தாண்டியிருந்தால் "Delete for everyone" கொடுத்து அழிக்கலாம், ஏறக்குறைய இரண்டு நாள்வரை அந்த வசதி இருக்கும். அழித்தாலும் அழித்த தடம் தெரியும் என்பதால், அழிப்பதற்கு முன் அவனைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். குரூப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள், அது அவனை இன்னொரு முறை நடுவில் நிறுத்துவது. போனில் "அந்த முடி மேட்டரை நான் எழுதியிருக்கக் கூடாது, எடுத்துடுறேன்" என்று எதைச் சொன்னீர்களோ அதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "ஏதாவது தப்பா சொல்லியிருந்தா சாரி" என்றால் எது தப்பு என்று அவன் விளக்க வேண்டியிருக்கும்.

நான் அளவாத்தான் ஓட்டினேன். ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டு மத்தவங்க கீழ வரிசையா போட ஆரம்பிச்சு எங்கேயோ போகுது. என்ன செய்ய?

தொடங்கியது நீங்கள், அதனால் நிறுத்துவதும் உங்கள் வேலை. "போதும், நிறுத்துங்க" என்று சொன்னால் அவனுக்காகப் பரிந்து பேசுவது போலாகி அவனுக்கே சங்கடம். கலாய்ப்பை உங்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். என் நண்பன் விஷயத்தில் ஒருவர் அவன் குரலையே கிண்டல் செய்யத் தொடங்கினார். "அவன் குரலை விடுங்க, 2016 ஆண்டு விழாவுல நான் பாடினது யார்கிட்டயாவது இருக்கா?" என்று போட்டேன். இரண்டே நிமிடத்தில் ஆறு பேர் அதைத் தேடக் கிளம்பிவிட்டார்கள், அவனும் முதல் ஆளாக வந்து சேர்ந்துகொண்டான்.

தங்கிலீஷ்ல எழுதவா, தமிழ்லயா?

நீங்கள் இருவரும் தினமும் எதில் பேசிக்கொள்கிறீர்களோ அதில். ஒன்று மட்டும் சொல்கிறேன், கிண்டலில் குரல் கேட்க வேண்டும், "வர்றியா", "சொன்னே", "போச்சு" என்பதெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதும்போது அந்த இழுவை அப்படியே காதில் விழும். வேறெதையும் அலங்கரிக்க வேண்டாம், ஒரே ஒரு சொல்லைத் தடிமனாக்க நினைத்தால் இப்படி இருபக்கமும் நட்சத்திரக் குறி போடுங்கள்:

```
*மாப்ள*, நன்றி சொல்லவே 3 நிமிஷமா?
```

இந்த வருஷம் அவனுக்கு நல்லாவே இல்லை. வேலை போயிடுச்சு. இப்ப போய் கலாய்க்கலாமா, இல்ல விட்டுடவா?

கலாய்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். எல்லாரும் அவனைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நீங்களும் திடீரென்று மரியாதையாக "எல்லாம் சரியாகிவிடும் நண்பா" என்று எழுதினால், தன் நிலைமை இவ்வளவு மோசமா என்று அவனுக்குத் தோன்றும். வழக்கம் போல ஓட்டுகிற ஒருவன் இருக்கிறான் என்பதே அவனுக்குப் பெரிய தெம்பு. ஆனால் பழைய, பாதுகாப்பான பழக்கத்தை எடுங்கள், ஹாஸ்டல் காலத்து பரோட்டா கதை மாதிரி. வேலை, பணம், எதிர்காலம், "ட்ரீட் எப்போ" எதுவும் வரக்கூடாது. ட்ரீட்டை நீங்களே சொல்லிவிடுங்கள்:

> பசியில்லைன்னு சொல்லிட்டு என் தட்டுல இருந்து இதுவரைக்கும் நீ பிய்ச்ச பரோட்டாவை எண்ணினா ஒரு கடையே வைக்கலாம். பிறந்தநாள் வாழ்த்துகள்டா. ராத்திரி எட்டு மணிக்கு வண்டி எடுத்துட்டு உன் வீட்டு வாசலுக்கு வர்றேன். இன்னிக்கு உனக்குன்னு தனியா ஒரு தட்டு சொல்றேன். அதைத் தொடாம என் தட்டுலதான் கை வைப்பேன்னு தெரியும். வை.

எட்டு மணி என்று எழுதினால் எட்டு மணிக்கு வாசலில் நில்லுங்கள்.